பாயிண்ட் போட்டும் தள்ளுபடி குறைவாக வருகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

கணக்கில் 8,640 ரிவார்டு பாயிண்ட் இருக்கிறது. 100 பாயிண்டுக்கு 25 குறையும் என்று திட்டத்தின் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். எப்படியும் 2,160 குறைந்துவிடும் என்று மனக்கணக்கு போட்டுக்கொண்டு செக்அவுட் வரை போனால், அங்கே 1,125 மட்டும் கழிந்து நிற்கிறது. உடனே தோன்றுவது, ரேட்டைக் குறைத்துவிட்டார்கள் என்பதுதான். அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் பல நேரம் ரேட் அப்படியே இருக்கும், வேறு ஏதோ ஒன்று குறுக்கே நின்றிருக்கும். எது என்று தெரியாமல் கஸ்டமர் கேருக்கு எழுதினால் விதிமுறைப் பக்கத்தின் இணைப்பைத்தான் அனுப்புவார்கள், அதனால் முதலில் நாமே பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. (நாணயத்தின் பெயரை எங்கும் போடவில்லை, உங்கள் நாணயத்தை வைத்தே படித்துக்கொள்ளுங்கள்.)

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒரே ஒரு வகுத்தல்:

```
கிடைத்த தள்ளுபடி ÷ கழிந்த பாயிண்ட் = ஒரு பாயிண்டின் மதிப்பு
```

இதில் "கழிந்த பாயிண்ட்" என்பதைக் கவனியுங்கள். உங்களிடம் இருக்கும் பாயிண்டால் வகுக்கக் கூடாது, இந்த ஆர்டருக்காக அவர்கள் எடுக்கப்போகும் பாயிண்டால்தான் வகுக்க வேண்டும். சில செக்அவுட் திரையில் தள்ளுபடி மட்டும் பெரிதாகத் தெரியும், எத்தனை பாயிண்ட் போகிறது என்பது சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது அந்த வரியைத் தட்டினால்தான் விரியும். அதுவும் இல்லையென்றால் "இந்த ஆர்டருக்குப் பின் மீதம்" என்று ஏதாவது காட்டுகிறதா பாருங்கள், இருப்பிலிருந்து அதைக் கழித்தால் விடை கிடைத்துவிடும்.

மேலே சொன்ன கணக்கில் திரையை விரித்துப் பார்த்தபோது 4,500 பாயிண்ட் என்று இருந்தது. 1,125 ஐ 4,500 ஆல் வகுத்தால் 0.25. அறிவித்த ரேட்டும் அதேதான். ஆக ரேட்டில் யாரும் கை வைக்கவில்லை, முழு பாயிண்டையும் எடுக்க விடவில்லை, அவ்வளவுதான். இப்படி வந்தால் ஒரு பாதை, வகுத்தால் 0.20 என்றோ 0.18 என்றோ வந்தால் முற்றிலும் வேறு பாதை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் புகார்கள் எங்கேயும் போய்ச் சேராமல் நிற்கின்றன.

அறிகுறி: ரேட் சரியாக இருக்கிறது, ஆனால் பாயிண்ட் முழுவதும் போகவில்லை

மேலே சொன்ன ஆர்டரையே எடுத்துக்கொள்வோம், அதன் மொத்த பில் 6,000. உள்ளே நான்கு வரி இருந்தது: ஒரு பொருள் 3,200, இன்னொரு பொருள் 1,550, ஒரு கிஃப்ட் கார்டு 1,000, டெலிவரி கட்டணம் 250. இதில் பாயிண்ட் செல்லுபடியாவது முதல் இரண்டுக்கு மட்டும்தான். கிஃப்ட் கார்டைப் பெரும்பாலான திட்டங்கள் வெளியே வைத்துவிடும், ஏனென்றால் அது கிட்டத்தட்டப் பணம் மாதிரி, பாயிண்டைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு போவதற்கு அது குறுக்குவழி ஆகிவிடும். டெலிவரி கட்டணம், வரி, ஏற்கெனவே பெரிய தள்ளுபடியில் ஓடும் பொருள்கள், அதே தளத்தில் வேறு விற்பனையாளர் விற்கும் பொருள்கள் இவையும் பல இடங்களில் கணக்குக்கு வெளியேதான் நிற்கும். ஆக 6,000 இல் தகுதியுள்ள தொகை 4,750 மட்டும்.

அடுத்து உச்சவரம்பு. இந்தத் திட்டத்தில் தகுதியுள்ள தொகையில் 25 சதவீதம் வரைதான் பாயிண்டால் கழிக்க முடியும். 4,750 இல் 25 சதவீதம் 1,187.50. அதற்கு 0.25 வீதம் 4,750 பாயிண்ட் தேவை. (தொகையும் பாயிண்டும் ஒரே எண்ணாக வந்தது தற்செயல்தான், 25 சதவீதமும் 0.25 உம் சந்தித்ததால் வந்தது.)

சரி, 4,750 பாயிண்ட் எடுத்திருக்கலாமே, ஏன் 4,500? இங்கே மூன்றாவது தடை வருகிறது. இந்தத் திட்டம் பாயிண்டை 500, 500 ஆகத்தான் எடுக்கும். 4,750 க்குள் முழுதாக ஒன்பது 500 அடங்கும், மிச்சம் 250 பாயிண்ட் கணக்கிலேயே நின்றுவிடும். 4,500 பாயிண்டுக்கு 1,125. திரையில் வந்த எண் இதுதான்.

நீங்கள் சோதிக்கும்போதும் இதே வரிசையில் போங்கள்: தகுதியுள்ள தொகை, அதன் மேல் உச்சவரம்பு, அதற்கப்புறம் 500 ஓ 100 ஓ என்ற படி. வரிசை மாறினால் விடை மாறிவிடும். தகுதியைப் பார்க்காமல் மொத்த பில் 6,000 இல் 25 சதவீதம் என்று எடுத்தால் 1,500 வரும், பிறகு அந்த 375 எங்கே போயிற்று என்று நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எந்தத் தடை என்று உறுதி செய்ய விதிமுறையைப் படிப்பதை விட வேகமான வழி ஒன்று உண்டு. ஷாப்பிங் கார்ட்டிலிருந்து ஒரு பொருளை மட்டும் எடுத்துவிட்டுத் தள்ளுபடி எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கிஃப்ட் கார்டை எடுத்தும் 1,125 அசையவில்லை என்றால் அது கணக்கிலேயே இல்லை என்று அர்த்தம். 1,550 பொருளை எடுத்ததும் தள்ளுபடி 750 ஆக இறங்கினால், அது கணக்கில் இருந்தது, படியும் வேலை செய்கிறது: 3,200 இல் 25 சதவீதம் 800, அதற்கு 3,200 பாயிண்ட், 500 இன் மடங்காக 3,000, அதற்கு 750. பணம் கட்டும் பட்டனைத் தொடாத வரை இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை.

அறிகுறி: கூப்பன் போட்டதும் பாயிண்ட் தள்ளுபடி சுருங்கிவிட்டது

இது மேலே சொன்னதன் தொடர்ச்சிதான். ஆனால் பிழை என்று நினைத்துக் கூப்பனையே எடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர், அதனால் தனியாகச் சொல்கிறேன். அதே ஷாப்பிங் கார்ட்டில் பொருள்களுக்கு மட்டும் 10 சதவீதக் கூப்பன் போட்டால் 475 குறைந்து தகுதியுள்ள தொகை 4,275 ஆகிறது. அதில் 25 சதவீதம் 1,068.75, 500, 500 ஆக எடுத்தால் 4,000 பாயிண்ட், தள்ளுபடி 1,000. பாயிண்ட் வரியை மட்டும் பார்த்தால் 125 நஷ்டம் மாதிரி தெரியும். ஆனால் மொத்தமாகக் கழிந்தது 1,475, முன்பு 1,125 தான், அதோடு 500 பாயிண்ட் கையில் மிச்சம். கூப்பனை விடக் கூடாது.

உண்மையிலேயே பார்க்க வேண்டியது வேறு. சில செக்அவுட்களில் கூப்பனும் பாயிண்டும் சேர்ந்து போகாது. ஒன்றைப் போட்டால் மற்றது சத்தமில்லாமல் விழுந்துவிடும், சிவப்பு எழுத்தில் எந்த எச்சரிக்கையும் வராது. கூப்பன் போட்ட பிறகு பாயிண்ட் வரி இன்னும் இருக்கிறதா என்று கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

அறிகுறி: இருப்பு 8,640, ஆனால் "பயன்படுத்தக்கூடியது 5,200" என்கிறது

இங்கே உச்சவரம்பைத் தேட வேண்டாம், பாயிண்டின் நிலையைப் பாருங்கள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் காட்டுவது மொத்தம், அதில் இன்னும் உறுதியாகாத பாயிண்டும் சேர்ந்திருக்கும். நீங்கள் போன வாரம் வாங்கியதற்கான பாயிண்ட், அந்தப் பொருளைத் திருப்பித் தருவதற்கான கெடு முடியும் வரை நிலுவையில்தான் இருக்கும். கடைக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயம்தான், இல்லையென்றால் பாயிண்டை வாங்கிச் செலவு செய்துவிட்டுப் பொருளைத் திருப்பி அனுப்பலாம்.

இன்னொரு காரணம் கொஞ்சம் மறைவானது. பணம் கட்டும்போது பாதியில் நெட் போயிற்று, அல்லது பேமெண்ட் தோற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் பகுதி முன்பே ஒதுக்கப்பட்டிருக்கும், பணப் பகுதி மட்டும் தோற்றிருக்கும். அந்த ஆர்டர் முறையாக ரத்தாகும் வரை பாயிண்ட் பூட்டிக் கிடக்கும். உடனே மறுபடி முயன்றால் "போதிய பாயிண்ட் இல்லை" என்று வரும். பாயிண்ட் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, இன்றைய தேதியில் ஒரு கழிவு வரி இருந்து அதற்கு இணையான ஆர்டர் எண் இல்லையென்றால், இதுதான் நடந்திருக்கிறது. பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும், அதனால் பதற்றத்தில் மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப முயல வேண்டாம், ஒவ்வொரு முயற்சியும் இன்னொரு பூட்டைப் போடக்கூடும். ஒரு நாள் கடந்தும் வரவில்லையென்றால் அந்த வரலாற்று வரியின் ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதுங்கள்.

அறிகுறி: வகுத்துப் பார்த்தால் ரேட்டே வேறாக வருகிறது

இதுதான் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். 4,000 பாயிண்ட் கழிந்து 800 தான் குறைந்தது, 0.20 வருகிறது, ஆனால் அறிவித்தது 0.25. இதைப் பிழை என்று சொல்வதற்கு முன், அந்த 0.25 எந்த இடத்துக்காகச் சொன்னது என்று பாருங்கள்.

பாயிண்டுக்கு ஒரே ஒரு விலை என்பது கிடையாது. அதை எங்கே செலவழிக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு, காரணம் அந்தத் தள்ளுபடிக்கான பணத்தை யார் கொடுக்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு கடை தன் சொந்தப் பாயிண்டைத் தன் கடையிலேயே ஏற்கும்போது, 250 தள்ளுபடி தந்தாலும் அதன் கையிலிருந்து உண்மையில் போவது அந்த 250 க்கு ஈடான பொருளின் கொள்முதல் விலைதான், அது 250 ஐ விடக் குறைவு. அதே சமயம் கிரெடிட் கார்டு பாயிண்டை வேறு ஒருவருடைய கடையின் செக்அவுட்டில் போடும்போது, கார்டு கொடுத்தவர் அந்தக் கடைக்குப் பணமாகவே கொடுத்தாக வேண்டும், இடையில் பணத்தைக் கடத்தும் நிறுவனத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பயணத் துறையில் இன்னொரு கதை: விற்காமல் போகும் இருக்கையும் அறையும் அவர்களுக்கு வெறும் காற்றுதான், அதனால் பாயிண்டுக்கு அதிக மதிப்புத் தருவது அங்கே கட்டுப்படியாகும். ஒரே பாயிண்ட், கிரெடிட் கார்டு பில்லில் கழிக்கும்போது ஒரு ரேட்டும், கடையின் செக்அவுட்டில் ஒரு ரேட்டும், விமான மைலாக மாற்றும்போது இன்னொரு ரேட்டும் காட்டுவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். வசதி அதிகமாக இருக்கும் இடத்தில், அதாவது எதையும் யோசிக்காமல் ஒரே தட்டில் முடிகிற செக்அவுட்டில், பெரும்பாலும் ரேட் குறைவு.

இதை ஏன் இவ்வளவு கவனமாக நடத்துகிறார்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொடுத்த பாயிண்ட் ஒவ்வொன்றும் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் கடன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஐ.எஃப்.ஆர்.எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்கியல் தரம், 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பது, இதற்கு ஒரு எடுத்துக்காட்டே தருகிறது. ஒரு நிறுவனம் 1 லட்சம் நாணய அலகுக்குப் பொருள் விற்று 10,000 பாயிண்ட் தருகிறது, ஒரு பாயிண்டுக்கு 1 அலகு தள்ளுபடி. எல்லோரும் பயன்படுத்த மாட்டார்கள், 9,500 தான் திரும்பி வரும் என்று நிறுவனம் மதிப்பிடுகிறது, அதனால் ஒரு பாயிண்டின் விலை 0.95 என்று வைக்கிறது. விளைவு, அந்த 1 லட்சத்தில் 91,324 தான் பொருளுக்கான வருமானம், மீதி 8,676 பாயிண்டின் பங்கு, பாயிண்ட் பயன்படுத்தப்படும்போதுதான் அதை வருமானமாகக் காட்ட முடியும். எவ்வளவு பாயிண்ட் திரும்ப வரும் என்ற மதிப்பீடு மாறினால் இந்தக் கணக்கும் மாறும். இதைப் படித்த பிறகுதான் எனக்கு ரேட் மாற்றங்களே புரிந்தன. எல்லோரும் ஒரே சமயத்தில் பாயிண்டைச் செலவழிக்கத் தொடங்கினால் அந்தச் சுமையைக் குறைக்க நிறுவனத்தின் கையில் இருக்கும் எளிய திருகு, ஒரு பாயிண்டின் மதிப்புதான். விதிமுறையில் "மதிப்பு முன்னறிவிப்பின்றி மாறலாம்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் நீங்கள் பாயிண்ட் சேர்த்த நாளின் ரேட்டைக் கேட்டு வாதாட முடியாது, ஆர்டர் போடும் நாளின் ரேட்தான்.

சரி, இடம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் 0.20 வருகிறது என்றால் அடுத்த சந்தேகம் அடுக்கு ரேட். சில திட்டங்களில் 1,000 பாயிண்டுக்கு 200, 2,500 பாயிண்டுக்கு 550, 5,000 பாயிண்டுக்கு 1,250 என்று வவுச்சர்களாக வைத்திருப்பார்கள். விளம்பரத்தில் வருவது கடைசி அடுக்கின் 0.25, நீங்கள் நிற்பது முதல் அடுக்கின் 0.20. இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டால் நல்ல பலன் உண்டு. உங்களிடம் 4,800 பாயிண்ட் இருந்தால் இன்று எடுக்க முடிவது 2,500 ஒன்றும் 1,000 இரண்டும், மொத்தம் 950. ஓர் ஆர்டருக்கு ஒரு வவுச்சர்தான் என்று விதி இருந்தால் 550 மட்டுமே. இன்னும் 200 பாயிண்ட் சேரும் வரை பொறுத்தால் 1,250. அந்த 200 பாயிண்ட் உங்களுக்கு 300 ஐக் கொண்டுவருகிறது. அவசரம் இல்லாத பொருளென்றால் நான் பொறுப்பேன். ஆனால் பழைய பாயிண்ட் காலாவதி ஆகும் தேதியையும் பார்த்துவிட்டுத்தான், பொறுத்துப் பொறுத்து 900 பாயிண்ட் காலாவதியாகிப் போனால் அடுக்கு இன்னும் தள்ளிப் போய்விடும்.

அதற்கும் பொருந்தவில்லையென்றால் உங்கள் கார்டு வகையையும் உறுப்பினர் நிலையையும் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு கார்டுகளில் பாயிண்டின் பெயர் ஒன்றாகவே இருக்கும், மதிப்பு வேறாக இருக்கும், செக்அவுட்டில் தானாகத் தேர்வாகி நிற்பது குறைந்த மதிப்புள்ள கார்டாக இருந்துவிடலாம். என் தங்கைக்கு இது நடந்தது. "அண்ணா, நேற்று 0.25 காட்டியது, இன்று 0.20 காட்டுகிறது, திருடுகிறார்கள்" என்று கோபமாகப் போன் செய்தாள். திரையைப் பகிரச் சொல்லிப் பார்த்தால், நேற்று ஒரு கார்டு, இன்று புதிதாகச் சேர்த்த இன்னொரு கார்டு முதலிடத்தில் நிற்கிறது. கார்டை மாற்றியதும் 0.25 திரும்ப வந்தது.

வெளிநாட்டு நாணயத்தில் வாங்கும்போது வரும் சிறு வித்தியாசத்துக்குக் காரணம் வேறு. பாயிண்டின் மதிப்பு திட்டத்தின் சொந்த நாணயத்தில்தான் இருக்கும், அதை அன்றைய மாற்று விகிதத்தில் மாற்றி, மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். எங்கே வெட்டுவது என்பதும் நாணயத்துக்கு நாணயம் மாறும், ஜப்பானிய யென்னுக்குத் தசமமே இல்லை, குவைத் தினாருக்கு மூன்று தசம இடம். பெரிய தொகையில் இது கண்ணிலேயே படாது. 50 பாயிண்ட், 80 பாயிண்ட் என்று சில்லறையாகப் போடும்போதுதான் ரேட் தாறுமாறாகத் தெரியும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், குறைந்தது ஆயிரம் பாயிண்டில் சோதியுங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சில செக்அவுட்களில் "பாயிண்ட் பயன்படுத்து" என்ற பட்டன் முன்கூட்டியே இயக்கத்தில் இருக்கும். அவசரமாக ஒரு சின்னப் பொருள் வாங்கப் போய், ஓர் ஆண்டு சேர்த்த 12,000 பாயிண்டை மிகக் குறைந்த ரேட்டில் இழந்திருக்கிறேன். ஆர்டர் உறுதியான பிறகு ரத்து செய்ய முயன்றபோது பொருள் கிளம்பிவிட்டது. அன்று முதல் கார்ட் பக்கத்தில் மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பட்டனைத்தான் பார்க்கிறேன்.

அறிகுறி: இரண்டு கடையிலும் 200 தான் கழிந்தது, ஆனால் கட்ட வேண்டிய தொகை வேறு

பில்லில் பாயிண்ட் கழிவு எங்கே நிற்கிறது என்று பாருங்கள், வரித் தொகைக்கு மேலேயா கீழேயா. 1,000 பொருள், 10 சதவீத வரி என்று வைத்துக்கொள்வோம். பாயிண்டைத் தள்ளுபடியாகக் கணக்கிட்டால் 1,000 இலிருந்து 200 போய் 800, அதன் மேல் 80 வரி, கட்ட வேண்டியது 880. பாயிண்டைப் பணம் கட்டும் வழியாகக் கணக்கிட்டால் 1,000 மேல் 100 வரி, 1,100, அதிலிருந்து 200 போய் 900. அதே 200, முதல் கடையில் உண்மையில் 220 ஐ மிச்சப்படுத்தியது. எந்த முறை சரி என்பது அந்தந்த இடத்தின் வரிச் சட்டத்தையும், அந்தப் பாயிண்டுக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதையும் பொறுத்தது, கடைக்காரர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதனால் இதைப் புகாராக எழுதிப் பயனில்லை, எங்கே பாயிண்டைச் செலவழிப்பது என்று முடிவு செய்யும்போது மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே நிற்கும் முறையில் இன்னொரு சிறு லாபமும் சில இடங்களில் உண்டு, பாயிண்டால் கட்டிய பகுதிக்கும் புதிய பாயிண்ட் சேரும். மேலே நிற்கும் முறையில் பொதுவாகச் சேராது.

அறிகுறி: பொருளைத் திருப்பியதும் பாயிண்ட் குறைவாக வந்தது

மறுபடி முதல் பில்லுக்கே போவோம். 3,200 பொருளும் 1,550 பொருளும், 1,125 தள்ளுபடி. 1,550 பொருளைத் திருப்புகிறீர்கள், 4,500 பாயிண்டும் வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள், வந்தது 1,468 பாயிண்டும் 1,182.89 பணமும். இது சரியான கணக்குதான். தள்ளுபடியைப் பொருளின் விலைக்கு ஏற்பப் பங்கு போட்டிருக்கிறார்கள். 4,750 இல் 1,550 இன் பங்குக்கு 367.11 தள்ளுபடி விழுகிறது, அந்தப் பொருளுக்காக நீங்கள் பணமாகக் கொடுத்தது மீதி 1,182.89. 367.11 ஐ 0.25 ஆல் வகுத்தால் 1,468.44, தசமத்தை வெட்டி 1,468.

இந்தக் கணக்கோடும் பொருந்தவில்லையென்றால் இரண்டு இடத்தில் பாருங்கள். ஒன்று, அந்தப் பொருளை வாங்கியதால் உங்களுக்குச் சேர்ந்த புதிய பாயிண்டைத் திரும்ப எடுத்திருப்பார்கள், அது வரலாற்றில் தனி வரியாக எதிர்மறைக் குறியோடு நிற்கும். இரண்டு, காலாவதி. திரும்பி வரும் பாயிண்டுக்குப் பல திட்டங்கள் பழைய காலாவதித் தேதியையே ஒட்டும். மாதக் கடைசியில் முடியவிருந்த பாயிண்டைப் போட்டு வாங்கி, அடுத்த மாதம் திருப்பினால், பாயிண்ட் உள்ளே வந்த அன்றே காலாவதி என்று வெளியே போயிருக்கும். வரலாற்றில் ஒரே தேதியில் 1,468 கூட்டல், அடுத்த வரியில் 1,468 கழித்தல் என்று இருந்தால் இதுதான். இதற்கு மட்டும் கஸ்டமர் கேரில் பேசிப் பார்ப்பது வீண் போகாது. பொருள் பழுது என்று கடையே திரும்பப் பெற்றிருந்தால், அதைச் சொல்லிக் கேட்டால் பாயிண்டைப் புதிய தேதியோடு மறுபடி போட்டுத்தரச் சில இடங்களில் அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

அவர்களுக்கு எழுதும்போது "ரேட் குறைந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். ஆர்டர் எண், கழிந்த பாயிண்ட், கிடைத்த தள்ளுபடி, வகுத்து வந்த மதிப்பு, நீங்கள் எதிர்பார்த்த மதிப்பு, அது எந்தப் பக்கத்தில் எந்தத் தேதியில் அறிவிக்கப்பட்டிருந்தது, இந்த ஆறையும் ஒரே செய்தியில் கொடுங்கள். செக்அவுட் திரையை விரித்த நிலையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஒன்றையும் சேருங்கள். அந்தத் திரை பணம் கட்டிய மறுகணம் மறைந்துவிடும், அப்புறம் ஆர்டர் விவரத்தில் பெரும்பாலும் மொத்தத் தள்ளுபடி மட்டும்தான் இருக்கும், எத்தனை பாயிண்டுக்கு எவ்வளவு என்ற பிரிப்பு இருக்காது, அதனால் படத்தைக் கட்டுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.